நடைத்தாள்: ஒரு சொல் விளக்கம்

பலர் சேர்ந்து எழுதும் நீண்ட அறிக்கையில், எந்தச் சொல்லை ஆளுவது, ஊர்ப்பெயரை எப்படி எழுதுவது, தேதியை எந்த வரிசையில் தருவது என்று எடுத்த முடிவுகளைப் பதிந்துவைக்கும் தாளைப் பதிப்புத் துறையினர் ‘ஸ்டைல் ஷீட்’ என்பர். ‘ஸ்டைல்’ என்பதன் மூலம், மெழுகுப் பலகையில் எழுதும் கூரிய கோலைக் குறித்த ‘ஸ்டிலுஸ்’ என்னும் இலத்தீன் சொல். நம் எழுத்தாணியைப் போன்றது. கோலின் பெயர் பின்னர் எழுதும் முறைக்கு ஆகிவந்தது. தூணைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லோடு குழம்பியதால் ஆங்கிலத்தில் இதன் எழுத்துக்கூட்டலே மாறிப்போனது.

தமிழில் இதற்கு ‘நடைத்தாள்’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. உரைநடை என்னும்போது எழுதும் போக்கையே ‘நடை’ என்கிறோம். தாள் என்பதற்கு ஏடு என்றும் அடி என்றும் பொருளுண்டு.

பாலாற்று நீரின் தரம் குறித்து வேலூரில் ஐவர் எழுதிய அறிக்கையொன்றை நான் செப்பம் செய்தபோது, ஒருவர் ‘ராணிப்பேட்டை’ என்றும் மற்றொருவர் ‘இராணிப்பேட்டை’ என்றும் எழுதியிருந்தனர். ரகரம் தமிழில் மொழிமுதலாகாது என்ற மரபுப்படி இரண்டாவதைத் தேர்ந்து, கணினியில் முதல் வடிவத்தைத் தேடி ஒரேயடியாக மாற்றினேன். இரண்டாவதற்குள் முதலாவது முழுமையாக அடங்கியிருப்பதால், ஏற்கெனவே சரியாக இருந்த இடங்களெல்லாம் ‘இஇராணிப்பேட்டை’ ஆகிவிட்டன. அதே ‘இஇ’யைத் தேடித்தான் பிழையைத் திருத்தினேன். வேற்றுமை ஏற்கும்போது சொல்லின் ஈறு மாறுவதையும் கவனிக்க வேண்டும்: ‘குடியாத்தம்’ என்று தேடினால் ‘குடியாத்தத்தில்’ அகப்படாது; ‘குடியாத்த’ என்று தேடினால் இரண்டும் கிடைக்கும். ஆகவே நடைத்தாளில் ஏற்ற வடிவம், விலக்கிய வடிவம் ஆகியவற்றோடு, தேட வேண்டிய பகுதியையும் எழுதிவைப்பது நல்லது.

‘கழிவுநீர்’ இன்னும் நுட்பமான சிக்கலைத் தந்தது. ஒருவர் தோல் ஆலையிலிருந்து வரும் நீரையும் மற்றொருவர் வீட்டுச் சாக்கடையையும் அச்சொல்லாலேயே குறித்தனர். எழுத்தில் வேறுபாடு இல்லாததால் தேடலில் இது சிக்காது, படித்தால்தான் தெரியும். ‘தோல் ஆலைக் கழிவுநீர்’, ‘வீட்டுக் கழிவுநீர்’ என்று பிரித்துப் பதிந்தோம்.

தேதியில் 05/06/2019 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? அதே அட்டவணையில் 06/25/2019 என்று ஒரு வரி இருந்ததால், அங்கே மாதமே முன்னால் நிற்கிறது என்று தெரிந்தது. அத்தகைய சான்று இல்லாத இடத்தில் ஊகித்து மாற்றாமல், எழுதியவரையே கேட்க வேண்டும். அறிக்கை முழுவதற்கும் ‘6 மே 2019’ என மாதத்தை எழுத்தில் தரும் வடிவத்தைக் கொண்டோம்.

மேற்கோளுக்குள் நடைத்தாள் செல்லாது. 1989-இல் மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முந்தைய ஆவணத்தில் ‘வட ஆர்க்காடு’ என்றிருந்தால் அதை அப்படியே விட்டு, நம் வாக்கியத்தில் மட்டும் ‘வட ஆற்காடு’ என்று எழுதினோம்.