பென் டிரைவுக்குள் ஒளிந்திருக்கும் கீபோர்டு

சந்தேகமான பென் டிரைவ் கைக்கு வந்தால், பெரும்பாலோர் அதில் உள்ள கோப்புகளை வைரஸ் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்வார்கள். இன்னும் எச்சரிக்கையானவர்கள் ஃபார்மேட் செய்துவிடுவார்கள். இரண்டுமே கோப்புகள் இருக்கும் பகுதியை மட்டும்தான் தொடுகின்றன. ஆபத்து அதற்கு அடியிலும் இருக்க முடியும்.

பென் டிரைவைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இரண்டு சில்லுகள் தெரியும். ஒன்று தகவலைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகம். மற்றது கன்ட்ரோலர். இந்தக் கன்ட்ரோலர் ஒரு குட்டிக் கணினியேதான்: அதற்குள் ஒரு பிராசசர் இருக்கிறது, அது இயங்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல்தான் ஃபர்ம்வேர். பல மாடல்களில் அது அதே ஃபிளாஷ் சில்லின் ஒரு மறைவான பகுதியில் வைக்கப்பட்டிருக்கும். கோப்புகளைக் காட்டும் பகுதியோடு அதற்குச் சம்பந்தமில்லை என்பதால் ஃபார்மேட் அங்கே எட்டாது.

ஸ்கேனரும் எட்டாது. டிரைவிலிருந்து எதைப் படிப்பதானாலும் கன்ட்ரோலரிடம்தான் கேட்டாக வேண்டும்; பதில் சொல்வது அதே ஃபர்ம்வேர். திருடனிடமே சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டைச் சோதிப்பது போன்ற நிலை இது.

இந்த ஃபர்ம்வேரை வெளியிலிருந்து மாற்ற முடியும் என்பதை 2014 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பேட்யுஎஸ்பி'. தங்கள் நிரலை அவர்கள் வெளியிடவில்லை. ஆனால் சில வாரங்களிலேயே ஆடம் காடில், பிரண்டன் வில்சன் என்ற வேறு இருவர், ஃபைசன் நிறுவனத்தின் கன்ட்ரோலர் ஒன்றுக்கான மாற்று ஃபர்ம்வேரைப் பொதுவில் வைத்தார்கள். அவர்கள் பயன்படுத்திய வழி எளிமையானது. தொழிற்சாலையில் ஃபர்ம்வேரை ஏற்றுவதற்கென்று தயாரிப்பாளர் வைத்திருந்த கட்டளைகள் விற்பனைக்கு வந்த டிரைவிலும் வேலை செய்தன. வரும் ஃபர்ம்வேர் தயாரிப்பாளருடையதுதானா என்று டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை.

மாற்றப்பட்ட ஃபர்ம்வேர் என்ன செய்யும் என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு சாதனத்தைச் செருகிய முதல் நொடியில் நடப்பதைப் பார்க்க வேண்டும். சாதனம் போர்ட்டின் ஒரு கம்பியில் மின்னழுத்தத்தை உயர்த்தி 'வந்திருக்கிறேன்' என்று தெரிவிக்கிறது. கணினி அதை ரீசெட் செய்து, 'நீ யார்?' என்று கேட்கிறது. சாதனம் தன்னைப் பற்றிய விவரக்குறிப்பை அனுப்புகிறது: தயாரிப்பாளர் எண், மாடல் எண், எந்த வகை என்பதற்கான எண். வகை எண் 08 என்றால் சேமிப்புச் சாதனம். 03 என்றால் கீபோர்டு, மவுஸ் போன்றவை. இதில் எதற்கும் சாட்சி கேட்பதில்லை. சாதனம் சொன்னதை அப்படியே நம்பி, அதை இயக்கும் டிரைவர் நிரலை ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றிவிடுகிறது. யுஎஸ்பியின் வசதி முழுவதும் இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது, அதன் பலவீனமும் அதேதான்.

ஆகவே ஒரு கெட்ட பென் டிரைவ் முதலில் 08 என்று சொல்லிக் கோப்புகளை ஒழுங்காகக் காட்டும். சற்று நேரம் கழித்து, கழற்றி மாட்டியது போல இணைப்பைத் தானே துண்டித்துக்கொண்டு, மறுபடி வரும்போது 03 என்று சொல்லும். இப்போது அது கீபோர்டு. கீபோர்டு கணினிக்கு அனுப்பும் தகவல் பொதுவாக இப்படி 8 பைட்டுகள்தான்:

```
08 00 15 00 00 00 00 00
00 00 00 00 00 00 00 00
```

முதல் வரியில் உள்ள 08 என்பது விண்டோஸ் விசை, 15 என்பது R விசை. (இந்த 08 விசையைக் குறிப்பது, மேலே சொன்ன வகை எண் அல்ல.) இரண்டாவது வரி, விசைகளிலிருந்து கையை எடுத்தாயிற்று என்பது. விண்டோஸில் இது Run பெட்டியைத் திறந்துவிடும். அடுத்து வரும் எழுத்துகள் கட்டளையாக உள்ளே போகும். மில்லி நொடிக்கு ஒரு தகவல் வீதம் அனுப்ப முடிந்தால், 200 எழுத்துள்ள கட்டளையை அரை நொடிக்குள் தட்டிவிடலாம். வைரஸ் ஸ்கேனருக்கு இதில் பிடிக்கக் கோப்பே இல்லை. அதன் கண்ணுக்கு யாரோ உட்கார்ந்து டைப் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, தடுப்பது எப்படி? ஆபரேட்டிங் சிஸ்டத்தில் 'சேமிப்புச் சாதனங்கள் கூடாது' என்று விதி போடுவது பல அலுவலகங்களில் வழக்கம். கோப்புகள் வெளியே போவதை அது தடுக்கும். ஆனால் கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு வருவதை அந்த விதி கண்டுகொள்ளாது. சாதனத்தின் சொல்லை வைத்து வடிகட்டும் எந்த முறைக்கும் இந்தக் குறை உண்டு.

இங்கேதான் கணினியின் சொந்த ஃபர்ம்வேர், அதாவது பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ, உதவிக்கு வருகிறது. அதன் அமைப்புப் பக்கத்தில், குறிப்பாக அலுவலகங்களுக்கென்று தயாராகும் கணினிகளில், யுஎஸ்பி போர்ட்டுகளை அணைக்கும் வசதி இருக்கும். சிலவற்றில் முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனியாகவும் அணைக்கலாம். இன்டெல் சிப்செட்டுகளில் இதற்கென்றே USB2PDO, USB3PDO என்ற ரிஜிஸ்டர்கள் உண்டு. ஒரு போர்ட்டுக்கு ஒரு பிட். அந்த பிட்டை 1 ஆக்கினால், அங்கே ஏதோ செருகப்பட்டது என்ற செய்தியே கணினியின் யுஎஸ்பி கன்ட்ரோலருக்குப் போகாது. 'நீ யார்?' என்ற கேள்வி எழவில்லை, ஆகவே பொய் சொல்ல வாய்ப்பும் இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறுவதற்கு முன்பே இது நடந்துவிடுவதால் டிரைவரில் உள்ள ஓட்டைகளும் தாக்குபவருக்கு உதவாது.

பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம்: 'யுஎஸ்பி பூட்' என்பதை அணைப்பது வேறு, போர்ட்டை அணைப்பது வேறு. முன்னது, பென் டிரைவிலிருந்து கணினி தொடங்குவதை மட்டும் தடுக்கிறது. அதுவும் தேவைதான், ஏனென்றால் கணினி தொடங்கும் தருணத்தைக் கண்டுகொண்டு அப்போது மட்டும் கெட்ட நிரலை நீட்டும் டிரைவையும் நோல் குழுவினர் விவரித்திருக்கிறார்கள். ஆனால் 'யுஎஸ்பி பூட்' வசதியை மட்டும் அணைத்தால் போலிக் கீபோர்டு தாராளமாக உள்ளே வரும்.

அணைத்தது உண்மையிலேயே அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். லினக்ஸில் கீழ்க்கண்ட கட்டளையைக் கொடுத்துவிட்டு, நம்பகமான ஒரு டிரைவை அந்தப் போர்ட்டில் செருகுங்கள்:

```
sudo dmesg -w
```

கட்டளை கொடுத்ததும் பழைய செய்திகள் ஓடி முடியும். செருகிய பிறகு new high-speed USB device போன்ற வரி புதிதாக வந்தால் போர்ட் உயிரோடு இருக்கிறது. அணைந்திருந்தால் அந்த டிரைவைப் பற்றிப் புதிதாக ஒரு வரியும் வரக்கூடாது. டிரைவின் விளக்கு எரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள்; தகவல் பாதை அடைபட்ட பிறகும் மின்சாரம் வந்துகொண்டிருக்கலாம்.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. மேசைக் கணினிக்குக் கீபோர்டும் மவுஸும் வேண்டும், அதற்காகத் திறந்து வைத்த போர்ட்டில் யாரும் கீபோர்டைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகலாம். ஆகவே திறந்த போர்ட்டுகள் கைக்கு எட்டாத பின்பக்கத்தில் இருப்பது நல்லது. பயாஸுக்குக் கடவுச்சொல் வைக்காவிட்டால், கணினியை மறுதொடக்கம் செய்து யார் வேண்டுமானாலும் போர்ட்டைத் திறந்துகொள்வார்கள். மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் கணினிகள் சிலவற்றில், நிறுவனம் அனுமதித்த டாக் என்ற இணைப்புப் பெட்டியோடு இணைந்திருக்கும்போது மட்டும் யுஎஸ்பி-சி போர்ட் தகவலை ஏற்கும்படி அமைக்கலாம். சான்றிதழால் கையொப்பமிட்ட அமைப்பு என்பதால் பயனர் அதை மாற்ற முடியாது.

வெளியில் தெரியும் துளைகளோடு விஷயம் முடிந்துவிடுவதும் இல்லை. மடிக்கணினியின் கேமரா பெரும்பாலும் உள்ளுக்குள் யுஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கிறது. பழைய மேக்புக் மாடல்களின் கேமராவில் இருந்த ஃபர்ம்வேரை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாற்றி எழுதி, பச்சை விளக்கு எரியாமலே படம் எடுக்க வைத்தார்கள். அதே கேமராவைக் கீபோர்டாகவும் நடிக்க வைத்தார்கள். கேமராவை அணைக்கும் வசதியும் பல கணினிகளின் பயாஸில் இருக்கிறது. வீடியோ அழைப்பே தேவைப்படாத கணினியில் அதையும் சேர்த்து அணைத்துவிடலாம்.