கார்டு பாக்கெட்டில் இருக்கும்போதே பணம் போவது எப்படி? சிப்பும் கறுப்புப் பட்டையும்

வடசென்னையில் ஒரு வங்கிக் கிளையில் கார்டு புகார்களைப் பார்ப்பது என் வேலை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "சிப் கார்டைக் காப்பி அடிக்க முடியாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க, அப்புறம் எப்படிப் பணம் போச்சு?" நியாயமான கேள்வி. சிப்பை நகலெடுப்பது உண்மையிலேயே மிகக் கடினம். ஆனால் சிப் கார்டின் முதுகில் பழைய கறுப்புப் பட்டையும் இன்னும் இருக்கிறது. திருடர்கள் கைவைப்பது அந்தப் பட்டையில்தான்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் புகாரை வைத்துச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவு, வெளிநாட்டு ஏ.டி.எம். ஒன்றிலிருந்து அவர் கணக்கில் மூன்று முறை பணம் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் 18,400 ரூபாய், மொத்தம் 55,200. காலையில் எஸ்.எம்.எஸ். பார்த்ததுமே வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்து கார்டை முடக்கிவிட்டார். திங்கட்கிழமை காலை கிளைக்கு வந்து, கார்டை என் மேசைமேல் வைத்தார். "பாருங்க மேடம், இது என் கையை விட்டுப் போகவே இல்ல."

இந்த மாதிரிப் புகார் வந்தால் எங்கள் கார்டு பிரிவிடமிருந்து நான் முதலில் கேட்டு வாங்குவது ஒரு இரண்டு இலக்க எண்ணை. கார்டை மெஷின் எந்த வழியில் படித்தது என்பதை ஒவ்வொரு பரிவர்த்தனையோடும் அந்த எண் பதிவு செய்கிறது. 05 என்றால் சிப்பைப் படித்திருக்கிறது. 07 என்றால் தட்டிப் பணம் கட்டும் முறை. 90 என்றால் கறுப்புப் பட்டையைத் தேய்த்திருக்கிறார்கள். சிப்பைப் படிக்க முடியாமல் பட்டைக்குத் திரும்பியிருந்தால் 80. பெரியவரின் வழக்கமான செலவுகள் எல்லாமே 05. அந்த மூன்று எடுப்புகள் மட்டும் 90. அந்த எண்ணைப் பார்த்ததுமே, அங்கே போனது அவருடைய சிப் இல்லை, அவருடைய பட்டையின் நகல் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பட்டையை ஏன் அவ்வளவு சுலபமாக நகலெடுக்க முடிகிறது? அது பழைய டேப் கேசட் மாதிரி, எழுதி வைத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும். ஸ்வைப் மெஷின் படிக்கும் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும். இது யாருடைய கார்டும் இல்லை, மாதிரிக்காக எழுதியது:

```
;4000000000000002=2912220XXXXXXXXXX?
```

முதல் 16 இலக்கம் கார்டு எண். சமக்குறிக்கு அடுத்த 2912 என்பது 2029 டிசம்பரில் காலாவதி என்று பொருள். அதற்கடுத்த 220, இந்தக் கார்டை எங்கே, எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் குறியீடு. மிச்ச இலக்கங்களுக்குள் வங்கிக்கு மட்டும் தெரிந்த ஒரு சரிபார்ப்பு எண் ஒளிந்திருக்கிறது. இன்று தேய்த்தாலும் நாளை தேய்த்தாலும் ஒரு எழுத்துகூட மாறாது. கைக்குள் அடங்கும் ஒரு கருவியில் ஒரு தடவை இழுத்தால் இந்த வரி முழுவதும் அதில் பதிந்துவிடும். வெற்றுக் கார்டு ஒன்றில் அதை எழுதினால், மெஷினுக்கு அசல் எது நகல் எது என்று தெரிய வழியே இல்லை.

சிப் வேலை செய்யும் விதமே வேறு. அதற்குள் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது, அதில் அந்தக் கார்டுக்கே உரிய ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அந்தச் சாவி சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. கார்டைச் சொருகியதும் மெஷின் தொகை, தேதி முதலிய விவரங்களோடு, அந்த நொடியில் உருவாக்கிய ஒரு எண்ணையும் சிப்புக்கு அனுப்பும். சிப் தன் பங்குக்கு, இது தன்னுடைய எத்தனையாவது பரிவர்த்தனை என்ற கணக்கையும் சேர்த்துக்கொண்டு, சாவியை வைத்து ஒரு விடையைக் கணக்கிட்டுத் தரும். 1,850 ரூபாய்க்குத் துணி வாங்கினால் அந்தப் பேச்சின் முக்கியப் பகுதி இப்படி இருக்கும். இதுவும் மாதிரிதான்:

```
9F02  000000185000
9F37  5A1C93E7
9F36  00D4
9F26  7B40E19C2FD8A653
```

முதல் வரி தொகை, பைசாவோடு சேர்த்து. இரண்டாவது, மெஷின் கொடுத்த எண். மூன்றாவது சிப்பின் கணக்கு: 00D4 என்றால் 212. அதாவது இந்தக் கார்டின் 212-வது பரிவர்த்தனை. கடைசி வரிதான் விடை. வங்கியால் அதே சாவியைத் தன் பக்கத்தில் உருவாக்கிக்கொள்ள முடியும். அதைக்கொண்டு அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை பொருந்தினால்தான் பணத்தை விடுவிக்கும். இந்த நான்கு வரியையும் ஒருவன் நடுவில் புகுந்து எழுதிக்கொண்டாலும் அவனுக்குப் பிரயோஜனம் இல்லை. அடுத்த கடையில் தொகை வேறு, மெஷின் தரும் எண் வேறு, சிப்பின் கணக்கு 213. பழைய விடையை வங்கி ஏற்காது, புதிய விடையைக் கணக்கிட அவனிடம் சாவி இல்லை.

சரி, சிப் வழியே போகும் தகவலைத் திருடி, அதைப் பட்டையாக எழுதினால் என்ன என்று கேட்கலாம். சிப்பிலும் கார்டு எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கின்றன. கார்டு நுழையும் வாய்க்குள் மெல்லிய தகடு ஒன்றை வைத்து அவற்றைப் படிக்கும் திருட்டும் உலகில் நடக்கிறது. இதற்காகத்தான் சிப்பில் இருக்கும் சரிபார்ப்பு எண்ணும் பட்டையில் இருப்பதும் வெவ்வேறாக வைக்கப்பட்டிருக்கின்றன. கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்கம் இரண்டிலும் சேராத மூன்றாவது எண். சிப்பிலிருந்து எடுத்ததைப் பட்டையில் எழுதித் தேய்த்தால், அந்த எண்ணை ஒழுங்காகச் சோதிக்கும் வங்கி அங்கேயே மறுத்துவிடும்.

பட்டையைத் திருடியவனுக்கும் ஒரு தடை உண்டு. மேலே பார்த்த 220-இல் முதல் 2, "இந்தக் கார்டில் சிப் இருக்கிறது" என்று மெஷினிடம் சொல்கிறது. அதனால் நம் ஊர் ஸ்வைப் மெஷினில் சிப் கார்டைத் தேய்த்தால், சிப்பைச் சொருகச் சொல்லி அது நின்றுவிடும். அந்த 2-ஐ 1 என்று மாற்றி எழுதினால் மெஷின் ஏமாறும், வங்கி ஏமாறாது. சரிபார்ப்பு எண்ணே அந்தக் குறியீட்டையும் சேர்த்துக் கணக்கிட்டது என்பதால் கணக்கு உதைக்கும். ஆகவே நகல் கார்டு வைத்திருப்பவன், சிப் வாசிக்காத மெஷின்கள் இன்னும் மிச்சமிருக்கும் இடமாகப் பார்த்துப் போகிறான். இந்தியாவில் ஏ.டி.எம்.கள் சிப்பைப் படிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்ட பிறகு இங்கே அவனுக்கு வாய்ப்பு குறைந்துபோனது. முன்பெல்லாம் கார்டை விட்டு உடனே உருவிக்கொள்வோம். இப்போது வேலை முடியும்வரை பல ஏ.டி.எம்.கள் கார்டைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, கவனித்திருப்பீர்கள். அந்த நேரம் முழுவதும் அது சிப்போடு பேசிக்கொண்டிருக்கிறது.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். பட்டை எங்கே போயிருக்கும் என்று பேசிப் பார்த்தோம். தீபாவளிக்கு முன்பு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை, கால் வைக்க இடமில்லாத கூட்டம். பில் போட்ட பையன் கார்டை வாங்கி மேசைக்குக் கீழே எதிலோ ஒரு இழுப்பு இழுத்தான், பிறகு மெஷினில் சொருகினான், "நம்பர் சொல்லுங்க" என்றான், இவரும் கூட்டத்துக்கு நடுவே சத்தமாகச் சொன்னார். மெஷினில் நடந்த 1,850 ரூபாய்ப் பரிவர்த்தனை சுத்தமானது, 05. எங்களுக்கு வந்த வேறு சில புகார்தாரர்களின் கார்டுகளும் அதே நாட்களில் அதே கடையில் பயன்பட்டிருந்தன. திருட்டு எங்கே நடந்தது என்று வங்கிகள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான், எல்லாக் கார்டுகளும் போய்வந்த பொதுவான ஒரு இடத்தைத் தேடி. பட்டையில் பின் நம்பர் இருக்காது. அதைத் தனியாகத்தான் திருட வேண்டும், கேமரா வைத்தோ, எட்டிப் பார்த்தோ. நம் பகுதியில் அந்தச் சிரமம்கூட அவர்களுக்கு இல்லை, வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது.

ஒரு விஷயம் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரே மெஷினில் முதலில் தேய்த்து, அது கேட்டபின் சிப்பைச் சொருகினால் அது பழக்கதோஷம், திருட்டு ஆகாது. உங்கள் கார்டு இரண்டு வெவ்வேறு கருவிகளில் போவதுதான் அபாயம். மெஷினை நம் பக்கம் கொண்டுவரச் சொல்லி, நாமே சொருகி, நாமே நம்பரை அழுத்தினால் அதற்கு இடமே இல்லை.

இவர் விஷயத்தில் இன்னொரு கதவும் திறந்து கிடந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்திருக்கிறார், திரும்பி வந்தபின் மூடவில்லை. 2020 அக்டோபரிலிருந்து புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தேவைப்பட்டால் திறக்கும் பொத்தான் நம் கையில் இருக்கிறது. அது மூடியிருந்தால் அந்த மூன்று எடுப்புகளும் வங்கியின் வாசலிலேயே திரும்பியிருக்கும், பட்டையும் பின் நம்பரும் அவன் கையில் இருந்தாலும்கூட.

பணம் திரும்பக் கிடைத்ததா என்றால், கிடைத்தது. மூன்றாம் ஆள் செய்த திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி. ஆனால் பின் நம்பரைப் பகிர்ந்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவாக எடுத்துக்கொள்ளப்படலாம், அப்போது புகார் செய்யும்வரை போன பணம் அவர் தலையில்தான். பெரியவர் நடந்ததை மறைக்காமல் சொன்னார், நானும் அப்படியே எழுதினேன். அவரைக் காப்பாற்றியது அந்த 90. சிப் உள்ள கார்டைச் சிப் வாசிக்காத மெஷினில் ஏற்று, அது நகல் என்று தெரியவந்தால், நஷ்டம் அந்த மெஷினை வைத்திருக்கும் வங்கியைச் சேரும் என்பது கார்டு நிறுவனங்களின் விதி. அந்த அடிப்படையில் எங்கள் பிரிவு தொகையைத் திரும்பக் கேட்டது. ஆகவே உங்களுக்கு இப்படி நடந்தால் எதையும் மறைக்காதீர்கள். முதலில் கார்டை முடக்குங்கள். பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். புகாரில், பணம் எடுக்கப்பட்டது சிப் வழியா, பட்டை வழியா என்று பதிவைக் கேட்டு ஒரு வரி சேருங்கள்.

ஆன்லைனில் கார்டு எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்டு ஏமாற்றுகிறவர்களிடம் சிப் எந்தப் பாதுகாப்பும் தராது. அங்கே சிப்பை யாரும் தொடுவதே இல்லை.

பட்டைக்கும் முடிவு குறித்தாகிவிட்டது. 2029 முதல் புதிய கார்டுகளில் பட்டை வைப்பதில்லை என்றும், 2033-க்குள் தன் கார்டுகள் எதிலும் அது இருக்காது என்றும் மாஸ்டர்கார்டு அறிவித்திருக்கிறது. அதுவரை உங்கள் கார்டின் முதுகில் அது இருக்கும். இன்றைக்கே செயலியைத் திறந்து, வெளிநாட்டுப் பயன்பாடு என்ற இடத்தில் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். போன் பழகாத பெரியவர்கள் கார்டையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு கிளைக்கே வரலாம், கவுண்டரிலேயே மூடித் தருவோம்.