40 வருஷம் முன்னாடி உள்ள போன தூசி இப்போ ஏன் நோயா வருது?

சேலத்துல நெஞ்சு நோய் பாக்குற எங்களுக்கு, ஒரு பக்கம் மட்டும் நுரையீரலச் சுத்தி நீர் கோத்துட்டு யாராவது வந்தா மொதல்ல தோணுறது டிபிதான், அது தப்பும் இல்ல, நம்ம பக்கம் பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும். ஆனா ஆளு 60 தாண்டினவரு, காய்ச்சல் இல்ல, நீர எடுத்துவிட்டா சீக்கிரமே திரும்பச் சேந்துருது, அந்தப் பக்கம் மந்தமா ஒரு வலி விடாம இருக்குன்னா, சின்ன வயசுல என்ன வேல பாத்தீங்கன்னு கேக்காம நான் விடுறதில்ல, ஏன்னா அது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால நுரையீரலச் சுத்தியிருக்கற சவ்வுல வர்ற மீசோதீலியோமாங்கற புற்றுநோயா இருக்கலாம்.

கொண்டலாம்பட்டி பக்கமிருந்து ஒரு பெரியவர் அப்படித்தான் வந்தார் (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மாத்திருக்கேன்). பீடி, சிகரெட் எதுவும் கிடையாது, ரொம்ப வருஷமா டீக்கடை. வேற இடத்துல டிபி மாத்திரை 6 மாசம் முழுசா சாப்பிட்டும் நீர் நிக்கல. கடைக்கு முன்னாடி என்ன பண்ணீங்கய்யான்னு கேட்டதுக்கு, "கல்யாணம் ஆன புதுசுல பாய்லர் பைப்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறும் துணியும் சுத்துற காண்ட்ராக்டர்கிட்ட இருந்தனுங்க, பழசப் பிச்சு எடுக்கறப்ப எதுத்தாப்ல நிக்கற ஆளு தெரியாதுங்க"ன்னார். அத ஒரு நோய்க்கான விஷயமாவே அவர் நினைக்கல, அதனால யார்கிட்டயும் சொல்லவும் இல்ல.

ஆஸ்பெஸ்டாஸ்ங்கறது பாறையிலருந்து எடுக்குற நார். அடிச்சா, அறுத்தா நீளவாக்குல பிரிஞ்சுட்டே போகும், கடைசில கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசாயிடும். மெல்லிசா இருக்கறதால மூச்சுக்குழாய்ல எங்கயும் ஒட்டாம காத்தோட சேந்து நுரையீரலோட அடி வரைக்கும் போயிடுது, அங்கருந்து கொஞ்சம் நார் ப்ளூராவுக்குப் போய்ச் சேருது. ப்ளூரான்னா நுரையீரல் மேலயும் விலா எலும்புக்கு உள்பக்கமும் போத்தியிருக்கற ரெண்டு மெல்லிய சவ்வு, நடுவுல மூச்சு விடறப்ப உரசாம இருக்க கொஞ்சூண்டு நீர் இருக்கும். அந்த நீர் வெளிப்பக்கச் சவ்வுல இருக்கற நுண்ணிய ஓட்டைகள் வழியா வடிஞ்சுட்டே இருக்கும். குட்டையான நார் அதுலயே வெளிய போயிடும், நீளமான நார் ஓட்டை வாய்லயே சிக்கிக்கும். இந்த நோய் பெரும்பாலும் அந்த வெளிச்சவ்வுலதான் ஆரம்பிக்குது.

சிக்கின நார முழுங்கி அழிக்கறதுக்கு மேக்ரோஃபேஜ்னு ஒரு வகை செல்லு வரும். ஆனா நார் அந்தச் செல்லவிட நீளம், முழுசா முழுங்க முடியாது, கரைக்கவும் முடியாது, அந்தப் போராட்டத்துல காரமான ரசாயனங்கள வெளிய கக்கிட்டே இருக்கும். சதைக்குள்ள ஒடிஞ்ச முள்ளு சீழ் பிடிக்கற மாதிரிதான், ஆனா இந்த முள்ளு வெளியவே வராது. நீல, பழுப்பு ஆஸ்பெஸ்டாஸ் நார்லாம் பல வருஷம் அப்படியே கிடக்கும், வெள்ள வகை கொஞ்சம் சீக்கிரம் உடையும், ஆனா அதுவும் புற்றுநோய் உண்டாக்கறதுதான்.

சவ்வு செல்லுங்க புண்ணாகி, புதுசாப் பிரிஞ்சு, திரும்பப் புண்ணாகின்னு ஓடும்போது டிஎன்ஏல ஒவ்வொரு அடியா விழுது. ஒரு அடியில புற்றுநோய் வராது. செல்லோட வளர்ச்சிக்கு பிரேக் போடற ஜீன் ஒண்ணு போகணும், அப்புறம் இன்னொண்ணு போகணும், எல்லாம் ஒரே செல் வரிசையில நடக்கணும், அதுக்குத்தான் 20லருந்து 50 வருஷம் ஆகுது. அதனாலதான் வேலைய விட்டதோட ஆபத்து நிக்கறதில்ல, மொதத் தடவ தூசி பட்ட நாள்லருந்து வருஷம் கூடக்கூட ஏறிட்டே போகும். அதே தூசி 50 வயசுல பட்டவரவிட 20 வயசுல பட்டவருக்குத்தான் கவலை அதிகம், அவருக்கு முன்னாடி இன்னும் நெறைய வருஷம் இருக்கே. 1995ல சுப்ரீம் கோர்ட் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளோட உடல்நல ரெக்கார்ட 40 வருஷம் வச்சிருக்கணும்னு சொன்னதும் இந்தக் கணக்குலதான்.

அந்தப் பெரியவருக்கு நீர்ல ரத்தம் கலந்திருந்துச்சு, ஆனா நீர் டெஸ்ட்ல கேன்சர் செல் தெரியல. இது அடிக்கடி நடக்கற ஒண்ணு, நீர் ரிப்போர்ட் நார்மல்னு வந்தா நோய் இல்லன்னு அர்த்தம் இல்ல. சிடி ஸ்கேன்ல சவ்வு மேடுபள்ளமா தடிச்சிருந்துச்சு, தோராகோஸ்கோப்பி, அதாவது நெஞ்சுல சின்னத் துளை போட்டு கேமரா விட்டு, சதை எடுத்துப் பாத்தப்புறம்தான் மீசோதீலியோமான்னு உறுதியாச்சு. அந்தக் கட்டத்துல முழுசா குணமாக்கறது ரொம்பக் கஷ்டம், கீமோ, இம்யூனோதெரபிலாம் மாசக்கணக்குலதான் ஆயுளக் கூட்டும். 6 மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தாலாவது வலியில்லாம பாத்துருக்கலாம், தொழில் நோய்னு நஷ்டஈடு கேக்கறதுக்கும் நேரம் இருந்திருக்கும்.

கூட வந்த அம்மாகிட்ட அந்த வேலைச் சட்டையெல்லாம் யாரு துவைச்சதுன்னு கேட்டேன். "நாந்தானுங்க, ஒதறிட்டுத்தான் ஊற வைப்பேன்"னாங்க. அப்படி ஒதறின தூசியிலயே நோய் வந்த மனைவிங்க உலகம் பூரா இருக்காங்க. அவங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தோம், அதுல ஒண்ணும் இல்ல, மூச்சு வாங்கினாலோ ஒரு பக்கம் நெஞ்சு வலிச்சாலோ உடனே வந்துடுங்க, எந்த டாக்டர்கிட்ட போனாலும் இந்த வேலை விஷயத்த மொதல்ல சொல்லுங்கன்னு சீட்டுலயே எழுதிக் குடுத்தேன்.

இதப் படிச்சுட்டு அம்மாபேட்டைல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட தறிக்கூடத்துல இருக்கறவங்க பயந்துக்க வேணாம், உடையாத ஷீட்டுல நார் சிமெண்டோட இறுகித்தான் இருக்கு, கீழ உக்காந்து வேல பாக்கறதுல ஆபத்து ரொம்பக் கம்மி. ஷீட்ட கட்டிங் மெஷின்ல காஞ்ச நிலையில அறுக்கறது, துளை போடறது, பழைய கூரைய மேலருந்து தள்ளி உடைக்கறது, அந்தத் தூளப் பெருக்கறது, இதுலதான் நார் காத்துல ஏறுது. கழட்டறதா இருந்தா நல்லா தண்ணி அடிச்சு நனைச்சு, போல்ட்ட எடுத்து முழு ஷீட்டாவே இறக்கச் சொல்லுங்க, விழுந்த துண்ட ஈரத்தோடவே பொறுக்கி கெட்டியான பையில கட்டணும். மூஞ்சில கர்ச்சீப் கட்டிக்கறது இந்த நாருக்குப் பிரயோஜனமே இல்ல, மூஞ்சியோட இறுக்கமாப் பொருந்தி நுண்ணிய தூசியத் தடுக்கற எஃப்எஃப்பி3 மாஸ்க்காவது வேணும், போட்டிருந்த துணிய ஒதறாம நேரா தண்ணிக்குள்ள போடணும்.