பால் சங்கத்தின் பட்ஜெட்டை லிட்டர் கணக்கில் சொல்லுங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கம் உள்ள பால் சங்கங்களின் பட்ஜெட் பொதுயோகம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். செக்ரட்டரி தலைப்புவாரியாக மொத்தத் தொகையை வாசிப்பார். "பால் விற்பனை வரவு ஒரு கோடியே முப்பத்தொரு லட்சம்" என்று வரும்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "ஏனுங்க, கோடிக்கணக்குல வருதுங்கறீங்க, எங்க போனஸ் மட்டும் ஏனுங்க இவ்வளவு கம்மி?" என்பார். அதன்பிறகு பட்ஜெட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். போனஸ் சண்டைதான் மிச்சம்.

கேட்டவர் மேல் தப்பில்லை. கோடி என்ற கணக்கை வைத்து மாடு வளர்ப்பவருக்கு எதையும் முடிவுசெய்ய முடியாது. அவர் தினமும் பார்ப்பது லிட்டருக்கு எத்தனை ரூபாய் என்பதை. பட்ஜெட்டும் அந்த அளவில் இருந்தால்தான் அவரால் கேள்வி கேட்க முடியும்.

ஒரு நடுத்தர சங்கத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் சங்கத்தின் எண்களை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். தினமும் 800 லிட்டர் பால் வருகிறது. உறுப்பினருக்குச் சராசரியாக லிட்டருக்கு 42 ரூபாய் கொடுக்கிறோம். 740 லிட்டர், சங்கங்களின் பாலை வாங்கும் பால் யூனியனுக்குப் போகிறது. அதற்கு 44 ரூபாய் 50 காசு கிடைக்கிறது. 60 லிட்டரை ஊரிலேயே 52 ரூபாய்க்கு விற்கிறோம். அப்படியானால் யூனியன் பாலில் லிட்டருக்கு இரண்டரை ரூபாயும், உள்ளூர் விற்பனையில் லிட்டருக்குப் பத்து ரூபாயும் சங்கத்துக்கு நிற்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 2,450 ரூபாய். வருடத்துக்கு 8,94,250 ரூபாய். இதோடு தீவனம் விற்றதில் வரும் 28,000 ரூபாயைக் கூட்டினால் 9,22,250. வருடத்துக்கு வரும் 2,92,000 லிட்டரால் இதை வகுத்தால் லிட்டருக்கு 3 ரூபாய் 16 காசு. சங்கத்தின் உண்மையான வருமானம் இவ்வளவுதான். அந்தக் கோடியே முப்பத்தொரு லட்சத்தில் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 93 ரூபாய்க்கு மேல் ஏற்கனவே உறுப்பினர்களின் கைக்குப் போய்விட்டது என்று இங்கேயே சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

இனி செலவு. சம்பளம் 5,40,000 ரூபாய், அதாவது லிட்டருக்கு 1 ரூபாய் 85 காசு. வண்டி வாடகை, கரண்ட் பில், பரிசோதனை ரசாயனம், ரிப்பேர், ஆடிட், தேய்மானம் எல்லாம் சேர்த்து 2,55,000 ரூபாய். அது லிட்டருக்கு 87 காசு. இரண்டும் போக 44 காசு மிஞ்சுகிறது. வருடத்துக்கு 1,27,250 ரூபாய். போனஸ் என்று கேட்பதெல்லாம் இந்த 44 காசுக்குள்தான், அதுவும் ஆடிட் முடிந்து சட்டப்படியான நிதிகளுக்கு ஒதுக்கிய பிறகு.

இந்த ஒரு கணக்கு பலகையில் இருந்தால் பொதுயோகத்தில் வரும் கோரிக்கைகளுக்கெல்லாம் உடனடியாக விடை சொல்லலாம். ஒருவர், சங்கம் தன் கையிலிருந்து லிட்டருக்கு 50 காசு கூட்டித் தரட்டும் என்கிறார். வருடத்துக்கு 1,46,000 ரூபாய் வேண்டும். மிச்சமே அவ்வளவு இல்லை. நஷ்டத்தில்தான் தரமுடியும். இன்னொருவர் சம்பள உயர்வை எதிர்க்கிறார். டெஸ்டருக்கு மாதம் 3,000 ரூபாய் கூட்டினால் வருடத்துக்கு 36,000. லிட்டருக்குச் சுமார் 12 காசு. தினம் பத்து லிட்டர் ஊற்றுபவருக்கு அது ஒரு நாளைக்கு 1 ரூபாய் 20 காசு. வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். எந்தப் பக்கம் முடிவு போனாலும், காசு தெரிந்து போட்ட ஓட்டு அது.

பால் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் பட்ஜெட்டிலேயே காட்டவேண்டும். பெரும்பாலான சங்கங்கள் இதைக் காட்டுவதில்லை, எனக்குப் புரியாத விஷயம் அது. மழைமறைவுப் பகுதியான இந்தக் கிழக்குச் சித்தூர் பக்கம் பங்குனி, சித்திரையில் பசுந்தீவனம் காய்ந்து பால் இறங்கும். எல்லையில் தனியார் வண்டி கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் பால் அந்தப் பக்கம் போய்விடும். தினசரிச் சராசரி 800-லிருந்து 700-ஆக இறங்கினால் யூனியன் பாலில்தான் அந்த நூறு லிட்டர் குறையும். நாளைக்கு 250 ரூபாய், வருடத்துக்கு 91,250 ரூபாய் போய்விடும். சம்பளமும் வண்டி வாடகையும் பால் குறைந்தாலும் குறையாது. ஆக 1,27,250-இல் மிஞ்சுவது 36,000 மட்டும். இன்னும் நாற்பது லிட்டர் இறங்கினால், அதாவது 660 லிட்டர் அளவில், சங்கம் நஷ்டத்தைத் தொட்டுவிடும். "660-க்குக் கீழே போனால் சங்கம் சொந்தக் காசை அவிழ்க்கணும்" என்ற ஒரே வரியை எல்லா உறுப்பினரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். முன்பு சொன்ன சம்பள உயர்வும் அந்த 36,000-மும் ஒரே தொகை என்பதையும் கவனியுங்கள்: பால் 700-க்கு வந்த வருடத்தில் அந்த உயர்வைக் கொடுத்தால் மிச்சம் பூஜ்யம்.

அடுத்து, பட்ஜெட்டில் யாரும் கண்ணில் காணாத ஒரு ஓட்டை. சங்கம் ஒவ்வொருவர் பாலையும் சோதித்து, கொழுப்பும், எஸ்.என்.எஃப் என்ற கொழுப்பல்லாத திடப்பொருளும் பார்த்து விலை கொடுக்கிறது. யூனியன் அந்தப் பாலையெல்லாம் கலந்த கேனிலோ டேங்கரிலோ சோதித்து விலை கொடுக்கிறது. இரண்டு சோதனையும் ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசம் சங்கத்தின் மேல் விழும். யூனியனில் கிடைக்கும் விலை நாம் எதிர்பார்த்ததைவிட லிட்டருக்கு 50 காசு குறைந்தால், வருடத்துக்கு 2,70,100 லிட்டரில் 1,35,050 ரூபாய் போகும். மேலே சொன்ன மிச்சத்தை முழுசாக விழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்கும். யாரும் திருடியிருக்கவேண்டியதில்லை. உறுப்பினர் கொண்டுவரும் கேனை நன்றாகக் கலக்காமல் மேலிருந்து சாம்பிள் எடுத்தால் கொழுப்பு அதிகமாகக் காட்டும், ஏனென்றால் கொழுப்பு மேலே மிதக்கும். பால் ஆராயும் கருவியின் குழாயைக் கழுவாமல் விட்டாலும் அளவு தப்பும். இந்தத் தவறுகளில் உறுப்பினர் பக்கம் சாதகமாக வருவதை யாரும் புகார் செய்வதில்லை, ஆகவே அவை மாதக்கணக்கில் தொடரும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பத்து நாளைக்கு ஒருமுறை, சங்கத்தில் சோதித்த கொழுப்பின் சராசரியையும் யூனியன் சீட்டில் வந்த கொழுப்பையும் ஒரே நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சராசரி எடுக்கும்போது ஐந்து லிட்டர் ஊற்றியவரையும் அரை லிட்டர் ஊற்றியவரையும் ஒரே கணக்கில் சேர்க்கக்கூடாது, லிட்டரைக் கொண்டு பெருக்கிய பிறகுதான் கூட்டவேண்டும். அளவிலும் ஒரு குழப்பம் உண்டு. நாம் வாங்குவது லிட்டரில், யூனியன் எடுப்பது பெரும்பாலும் கிலோவில். ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ வரும். 740 லிட்டர் அனுப்பினால் சீட்டில் 760 கிலோவுக்கு மேல் இருக்கவேண்டும். 740 கிலோ என்று வந்து, "சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டால், இருபது கிலோவுக்கு மேல் காணாமல் போனதை ஒப்புக்கொண்டதாகிவிடும். பொதுயோகத்தில் இந்த வித்தியாசத்துக்கு ஒரு தனி வரி கேளுங்கள்: "கையாளும் நஷ்டம் எவ்வளவு?" பட்ஜெட்டில் அப்படி ஒரு வரியே இல்லையென்றால், நஷ்டம் இல்லாமலில்லை, வேறு எங்கோ ஒளிந்திருக்கிறது.

வரவென்று எண்ணக்கூடாத வரவுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஊராட்சி தரும் பால் ஊக்கத்தொகை சங்கத்தின் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். வந்ததெல்லாம் வெளியே போகவேண்டும். பங்குத்தொகை சங்கம் திருப்பித் தரவேண்டிய காசு. புது இயந்திரத்துக்கு வந்த மானியம் இயந்திரத்துக்குத்தான். இந்த மூன்றையும் தனிப் பட்டியலில் போடாமல் வருமானத்தோடு கூட்டினால் சங்கம் பணக்காரனாகத் தெரியும், உறுப்பினர்கள் அந்தப் பணத்தைக் கேட்பார்கள். யூனியன் சில வருடங்களில் கூடுதல் விலை அறிவிக்கும். அது வந்தால் நல்லது. பட்ஜெட்டில் வரவாக எழுதிவைத்துச் செலவைத் திட்டமிடக்கூடாது.

தாளைத் தயாரிப்பது இப்படி. ஒரே பக்கத்தில் நான்கு பத்தி: போன வருட பட்ஜெட், போன வருட உண்மைக் கணக்கு, வருகிற வருட பட்ஜெட், கடைசியாக லிட்டருக்கு எவ்வளவு. மார்ச்சில் கூட்டும்போது பன்னிரண்டாவது மாதம் முடிந்திருக்காது. இரண்டாம் பத்தியில் பிப்ரவரி வரை உள்ள உண்மை, மார்ச் மதிப்பீடு என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். பட்ஜெட்டுக்கும் உண்மைக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்த வரிகளுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு வாக்கியம் காரணம் போதும். மலையாளத்தில் உள்ள நகலோடு தமிழ் நகலையும் நோட்டீஸோடு கொடுங்கள், பால் அளக்கும் கவுண்ட்டரில் ஒட்டுங்கள். கூட்டத்துக்கு முன்பே யாராவது படித்துக் கேள்வி கொண்டுவருவதே நோக்கம். கூட்டத்தைக் காலைப் பால் முடிந்து பத்து மணிக்குமேல் வையுங்கள். மாலைக் கறவை நேரத்தில் கூட்டினால் பால் ஊற்றும் பெண்களில் பாதிப்பேர் வரமுடியாது.

வாசிக்கும்போது தொகையைத் தலைப்புவாரியாகச் சொல்லி ஒப்புதல் கேளுங்கள். "வரவு செலவுத் திட்டம் ஏகமனதாக நிறைவேறியது" என்று மினிட்ஸில் ஒரே வரி எழுதினால், வருட நடுவில் வண்டி வாடகை கூடும்போது எந்த வரம்பைத் தாண்டினோம் என்று யாருக்கும் தெரியாது. சம்பளத்துக்கு இவ்வளவு, போக்குவரத்துக்கு இவ்வளவு, ரிப்பேருக்கு இவ்வளவு என்று தீர்மானத்திலேயே எழுதி, மறுத்துப் பேசியவரின் கருத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தலைப்பில் மீந்ததை இன்னொரு தலைப்புக்கு மாற்றுவதாக இருந்தால், அதற்குக் கமிட்டியின் தீர்மானம் போதுமா, பொதுயோகம் வேண்டுமா என்பதை உங்கள் பைலாவில் பார்த்து, அந்த வரியையும் அதே தாளின் அடியில் அச்சிடுங்கள்.