கார்டு கேட்டால் 20 பேர், கேட்காவிட்டால் 18 பேர்

சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் ஒரு சின்ன அலுவலகம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதப்போகும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பயிற்சி தரும் செயலி ஒன்றை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சந்தா 12 வெள்ளி, முதல் 14 நாள் இலவசம். பதிவு செய்யும்போதே கார்டு எண்ணை வாங்கிவிடலாமா, வேண்டாமா? அங்கே ஓயாத சண்டை இதுதான்.

சரி, செயலியின் பதிவுப் பக்கத்துக்கு வரும் பெற்றோரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். கணக்குப் புரிவதற்காக எண்களை நானே போட்டிருக்கிறேன். கார்டு கேட்காத பக்கத்துக்கு வந்த 1,000 பேரில் 120 பேர் பதிவு செய்தார்கள். அவர்களில் 18 பேர் பணம் கட்டினார்கள். கார்டு கேட்ட பக்கத்துக்கு வந்த 1,000 பேரில் 40 பேர்தான் பதிவு செய்தார்கள்; ஆனால் 20 பேரிடமிருந்து பணம் வந்தது. முதலாளி பார்ப்பது 15 விழுக்காடு, 50 விழுக்காடு என்ற இரண்டு எண்களை. மூன்று மடங்குக்கு மேல்! வந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் வெறும் இரண்டே பேர். பதிவு செய்தவர்களால் வகுப்பதா, பக்கத்துக்கு வந்தவர்களால் வகுப்பதா என்பதில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள்.

கார்டு கேட்பது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சல்லடை: அரை மனதோடு வந்தவர்கள் பர்ஸை எடுக்கச் சோம்பல்பட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களோடு, செயலியைப் பழகிப் பார்த்திருந்தால் பிடித்துப்போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய சிலரும் போய்விடுகிறார்கள். இன்னொன்று, சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்பதையே அது மாற்றிவிடுகிறது. கார்டு இல்லாத சோதனையில் சும்மா இருந்தால் சேவை நிற்கும். கார்டு கொடுத்த சோதனையில் சும்மா இருந்தால் பணம் போகும். அந்த 20 பேரில் விரும்பிச் சேர்ந்தவர்கள் 12 பேர், மறந்துபோனவர்கள் 8 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாத விழுக்காட்டைப் பார்த்து இவர்களைப் பிரிக்கவே முடியாது.

அப்புறம்தான் கதை பிரிகிறது. 12 வெள்ளி பிடித்ததாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததும், மறந்தவர்களில் நான்கு பேர் ரத்து செய்து பணத்தையும் திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டு பேர் அடுத்த மாதம் விழித்துக்கொள்கிறார்கள். மீதி இரண்டு பேர் செயலியைத் திறக்காமலே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். விரும்பிச் சேர்ந்தவர்களிலும் அவ்வப்போது ஒருவர் கழல்வார். கார்டு கேட்ட பக்கத்தில் பணம் கட்டியவர்கள் மாதவாரியாக 20, 15, 13, 12, 12, 11. கார்டு கேட்காத பக்கத்தில் 18, 17, 16, 15, 14, 13. திருப்பிக் கொடுத்ததைக் கழித்தால் ஆறு மாத வருமானம் கார்டு கேட்டதில் 948 வெள்ளி, கேட்காததில் 1,116 வெள்ளி.

இந்த எண்கள் எப்போதும் இப்படித்தான் வரும் என்றில்லை. கார்டு கேட்காத பக்கத்தில் 18 பேருக்குப் பதில் 12 பேரே கட்டியிருந்தால் தீர்ப்பு மாறிவிடும். இலவச நாள்களிலேயே ஆசிரியர் உட்கார்ந்து கட்டுரை திருத்தித் தரவேண்டும் என்றால், 120 பேருக்குத் திருத்துவது கட்டுப்படியாகாது. அங்கே சல்லடை தேவைதான்.

மறதி எவ்வளவு பெரியது? லிரான் ஐனாவ், பென் க்ளோபாக், நீல் மஹோனி என்ற மூன்று பொருளியலாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில் அதை அழகாகப் பிடித்தார்கள். கார்டு காலாவதியாகிப் புதியது வரும்போது, சந்தாவைத் தொடர வேண்டுமானால் பல நேரம் எண்ணை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். யோசிக்காமல் இருக்க முடியாது. பத்துச் சந்தாச் சேவைகளைப் பார்த்தார்கள். கார்டு மாறும் மாதத்தில் ரத்துகள் சட்டென்று ஏறின. சந்தாதாரர்களின் கவனக்குறைவு விற்பவரின் வருமானத்தைச் சேவைக்குச் சேவை 14 விழுக்காட்டிலிருந்து 200 விழுக்காட்டுக்கும் மேல் வரை கூட்டுகிறது என்பது அவர்களின் மதிப்பீடு. இப்படிப் பார்த்தால் மறதி லாபம்தானே என்று கேட்கலாம். பணத்தை மட்டும் எண்ணினால் சில சேவைகளுக்கு ஆமாம், சுற்றி வளைப்பானேன்.

ஆனால் சின்ன நிறுவனத்துக்கு அந்த லாபம் அவ்வளவு சுலபமாக ஒட்டாது. மறந்தவர் செயலிக்காரரிடம் கேட்காமல் நேரே வங்கியிடம் புகார் செய்தால், 12 வெள்ளியும் போய், அதற்கு மேல் ஒரு கட்டணமும் விழும். இந்தப் புகார்கள் கூடினால் கார்டு நிறுவனங்களின் கண்காணிப்பும் வரும்.

சிராங்கூன் ரோட்டுக்காரர்கள் பார்க்க வேண்டிய எண் ஒன்று அவர்கள் கணினியிலேயே இருக்கிறது: பணம் பிடிப்பதற்கு முந்தைய 14 நாளில் செயலியை ஒரு தடவைகூடத் திறக்காதவர்கள் எத்தனை பேர்? பதிவு செய்த வாரவாரியாகப் பிரித்து, கார்டு கேட்ட பக்கத்தையும் கேட்காததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மறந்தவர்கள் கூட்டம் தனியாகத் தெரியும். அவர்களுக்கு மட்டும் பணம் பிடிப்பதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு வாட்ஸ்அப் நினைவூட்டல் அனுப்பிப் பாருங்கள். அந்த 50 விழுக்காடு இறங்கும். அடுத்த மாதம் பணத்தைத் திருப்பிக் கேட்டு வரும் அழைப்புகளும் கூடவே இறங்கும்.