சுரப்பி சுரக்கிறது, காவிதான் இல்லை

களுவாஞ்சிகுடியில் ஒரு வீட்டில் மறுபடியும் அந்தச் சொல்லைக் கேட்டேன்: ‘தைரொயிட் சுரப்புக் குறைபாடு’. இரண்டரை வயது மகன் தாயின் மடியில் கிடந்தான், கழுத்து இன்னும் நிற்கவில்லை. இரத்தப் பரிசோதனைத் தாளில் தைரொயிட் ஓமோன்கள் இரண்டில் டீ4 குறைவு, சுரப்பியைத் தூண்டும் டீஎஸ்எச் சாதாரணம், மற்ற ஓமோனான டீ3 மட்டும் மிக அதிகம். ‘தைரொயிட் ஓமோன் ட்ரான்ஸ்போட்டர் குறைபாடு’ என்பதை யாரோ அப்படித் தமிழாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். “சுரக்காட்டி, மாமி குடிக்கிற தைரொக்சின் குளிசைய இவனுக்கும் குடுத்தாச் சரிதானே?” என்று தாய் கேட்டார்.

அந்த மொழிபெயர்ப்பு செய்த தீங்கு இதுதான். இங்கே சுரப்பியில் பழுதில்லை. ஓமோனை இரத்தத்திலிருந்து மூளைக்குள் கொண்டுபோகும் எம்சிடி8 என்ற புரதம்தான் பழுது. மூளை ஓமோனுக்குப் பட்டினி கிடக்கிறது. வேறு வழியால் ஓமோன் நுழையும் ஈரலுக்கும் இதயத்துக்கும் டீ3 அளவுக்கு மிஞ்சிப் போகிறது. அதனால்தான் பிள்ளை மெலிகிறான், நெஞ்சு படபடக்கிறது. தைரொக்சின் என்பது டீ4தான், அதை மட்டும் கொடுத்தால் அது மூளையைச் சேராமல் உடம்பில் டீ3 ஆக மாறி, இந்தப் படபடப்பைக் கூட்டிவிடும். டீஎஸ்எச் மட்டும் பார்த்தால் பிறந்தவுடன் இது தப்பிவிடும், டீ3 கேட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். இப்படியான பிள்ளைகள் உள்ள குடும்பம் பற்றி 1944இலேயே எழுதினார்கள். காரணம் இந்தப் புரதம் என்று தெரிய 2004 ஆகிவிட்டது.

சரி, ட்ரான்ஸ்போட்டருக்கு என்ன சொல்வது? இலத்தீனில் அக்கரைக்குச் சுமத்தல் என்பதுதான் வேர். ‘போக்குவரத்து’ என்று எழுதுகிறவர்களும் உண்டு, படித்தால் பஸ் ஞாபகம் வருகிறது. ‘கடத்தி’ என்பார்கள். அது எங்கள் பாடப்புத்தகத்தில் மின்சாரம் பாயும் செம்புக்கம்பி, பேப்பரில் ஆட்கடத்தல். செம்பு தன்னூடாகப் பாயவிடும். இந்தப் புரதமோ ஓமோனைப் பிடித்து, சவ்வைத் தாண்டி அப்பால் விடுகிறது. அதற்கு நம்மிடம் ‘காவு’ இருக்கிறது. மட்டக்களப்பில் குடத்தைக் காவுகிறோம், நெல்மூட்டையைக் காவுகிறோம். காவடியும் அந்த வேர்தான். ‘ஓமோன்காவிக் குறைபாடு’ என்று சொல்லுங்கள். சாமான் இருக்கு, காவ ஆளில்லை என்பது கேட்டவுடனே விளங்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வருகிறது, தாய்க்கு இன்னொரு எக்ஸ் காவலாக நிற்கிறது. அந்தத் தாயையும் ‘காவி’ என்று எழுதுகிறார்கள், சிலர் ‘நோய்க்காவி’ என்றே எழுதுகிறார்கள். அது டெங்கு நுளம்புக்குச் சொல்லும் சொல். ஒரு தாயை அப்படி எழுதக்கூடாது, ‘மாறிய மரபணு உள்ளவர்’ என்றால் போதும்.

அன்று அந்தத் தாயிடம் காவி என்றே சொன்னேன். மகனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, “அப்ப அந்தக் குளிசை வேணாம், என்ன?” என்றார். வேண்டாம், டொக்டரிடம் ட்ரையாக் என்ற மருந்தைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். அது இந்தக் காவி இல்லாமலே உள்ளே போகக்கூடியது. இரத்தத்தில் டீ3ஐக் குறைக்கும், நெஞ்சுப் படபடப்பும் தணியும். கழுத்து நிற்குமா என்று கேட்டார். அதற்கு அது உறுதி தராது என்பதையும் சொன்னேன்.