கிளைம்ப் மில்லிங் 'ஏற்றத் துருவல்' அல்ல

"ஏற்றத் துருவலில் கட்டரின் ஆயுள் கூடும். மேல்நோக்குத் துருவலில் குறையும்." இயந்திரப் பணிமனை சார்ந்த தமிழ்க் குறிப்புகளில் இந்த வகை வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஏறுவதும் மேல்நோக்கிப் போவதும் தமிழில் ஒன்றுதானே, பிறகு ஆயுள் எப்படி ஒன்றில் கூடி இன்னொன்றில் குறையும்? படிக்கிறவருக்கு இது புரியவில்லை என்றால் தவறு அவருடையது அல்ல. சுழலும் பல்லுள்ள கட்டரால் உலோகத்தைச் சீவுவதுதான் மில்லிங், அதாவது துருவல். ஆங்கிலத்தில் கிளைம்ப் மில்லிங்குக்கு இன்னொரு பெயர் டவுன் மில்லிங். கன்வென்ஷனல் மில்லிங்குக்கு இன்னொரு பெயர் அப் மில்லிங். ஒருவர் ஒரு சோடியிலிருந்து 'கிளைம்ப்' என்பதை எடுத்து 'ஏற்றம்' என்றார். மற்றொருவர் அடுத்த சோடியிலிருந்து 'அப்' என்பதை எடுத்து 'மேல்நோக்கு' என்றார். நேர் எதிரான இரண்டு வேலைகளுக்கு ஒரே பொருளில் இரண்டு பெயர்கள் வந்து சேர்ந்துவிட்டன.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'மில்' என்பதன் வேர், எந்திரக்கல்லைக் குறிக்கும் 'மோலா' என்ற இலத்தீன் சொல். அதைப் பிடித்துக்கொண்டு 'அரைத்தல்' என்று எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. சாணைக்கல்லால் தேய்ப்பதற்கு ஏற்கெனவே அந்தச் சொல் புழங்குவதால் அது இங்கே குழப்பும். 'துருவல்' நல்ல சொல். பல்லால் சுரண்டிச் சுரண்டி எடுப்பதைத்தான் துருவுதல் என்கிறோம், சுழலும் பல் செய்வதும் அதையே. சிக்கல் முன்னொட்டில் இருக்கிறது.

'மேல்', 'கீழ்' இரண்டும் கிடைமட்டத் துருவல் எந்திரத்தில் பிறந்தவை. அதில் உருளை வடிவக் கட்டர் வேலைப்பொருளின் மேல் நின்று சுழலும். பல் ஒரு திசையில் வந்தால் பொருளை மேசையிலிருந்து மேலே தூக்கும், மறு திசையில் வந்தால் கீழே அழுத்தும். அந்த எந்திரத்தில் அப், டவுன் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய உண்மை. செங்குத்து ஸ்பிண்டிலில் எண்ட் மில்லைப் பொருத்தி ஒரு சுவரின் பக்கத்தைச் சீவும்போது மேலும் இல்லை, கீழும் இல்லை. இன்றைய சி.என்.சி. வேலையில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். 'கிளைம்ப்' என்பதும் உவமைதான். பல் பொருளைக் கவ்வி அதன் மேல் ஏறப் பார்க்கிறது என்ற எண்ணத்தில் வைத்த பெயர் அது. பிரெஞ்சுக்காரர்கள் இதே வேலையைக் கட்டர் பொருளை 'விழுங்குவதாக'ப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். உவமை மொழிக்கு மொழி மாறும். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உவமை மட்டும் வந்து சேரும், பொருள் வராது.

'மரபுத் துருவல்', 'வழக்கமான துருவல்' என்பவை இதைவிட மோசம். கன்வென்ஷனல் என்ற பெயர், மேசைத் திருகில் தளர்ச்சி இருந்த பழைய எந்திரங்களின் காலத்தது. அப்போது அதுதான் வழக்கம். இன்று நல்ல எந்திரத்தில் கிளைம்ப்தான் வழக்கம். "வழக்கமான முறையில் ஓட்டு" என்று ஒருவர் சொன்னால் புதிதாக வந்தவர் எதைச் செய்வார்?

ஜெர்மன் மொழி இதில் நேர்மையாக நடந்துகொண்டது. ஒன்றுக்கு 'கிளைஷ்லாஃப்', அதாவது ஒரே திசை ஓட்டம். மற்றதற்கு 'கேகன்லாஃப்', அதாவது எதிர் ஓட்டம். தமிழில் உடனோட்டத் துருவல், எதிரோட்டத் துருவல் என்றால் போதும். எதோடு உடன், எதற்கு எதிர் என்றால், வேலைப்பொருள் கட்டரை நோக்கி ஊட்டப்படும் திசையோடு. வெட்டும் இடத்தில் பல்லும் பொருளும் ஒரே பக்கம் நகர்ந்தால் உடனோட்டம், ஒன்றை ஒன்று எதிர்த்து நகர்ந்தால் எதிரோட்டம். இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. ஸ்பிண்டில் தலை நகரும் எந்திரத்தில் பொருள் அசையாது, கட்டர்தான் நகரும். கட்டரின் நகர்வை வைத்துப் பார்த்தால் உடனும் எதிரும் இடம் மாறிவிடும். ஆகவே எந்திரம் எதுவானாலும் கட்டரில் உட்கார்ந்துகொண்டு பொருளைப் பார்ப்பதாகவே கணக்கு வைக்க வேண்டும். நடைமுறைக்கு ஒரு சோதனை போதும்: வலச்சுற்றில், அதாவது `M3`-இல் ஓடும் கட்டர் செல்லும் திசையில் பொருள் வலப்புறம் இருந்தால் அது உடனோட்டம். `G41` கொடுத்தால் கட்டர் பொருளின் இடப்புறம் நிற்கும். அதுவும் இதுவேதான்.

பெயரில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், சரியான பெயரிலிருந்து, பல் வெட்டித் தள்ளும் சீவலின் தடிமன் தானாக விளங்குகிறது. உடனோட்டத்தில் பல் தடித்த பக்கத்தில் இறங்கி மெல்லிய பக்கத்தில் வெளியேறும். எதிரோட்டத்தில் சுழியத் தடிமனில் தொடங்கி, தடித்த பக்கத்தில் வெளியேறும். ஆயுள், ஃபினிஷ் இரண்டின் கதையும் பெரும்பாலும் இதற்குள் அடங்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 மி.மீ. விட்டம், நான்கு பல், கார்பைடு எண்ட் மில். எஃகுச் சுவரில் 0.6 மி.மீ. சீவ வேண்டும். நிமிடத்துக்கு 3200 சுற்று, பல்லுக்கு 0.05 மி.மீ. ஃபீடு. எந்தத் திசையில் ஓடினாலும் சீவலின் அதிகபட்சத் தடிமன் இதுதான்:

```
h = 2 × fz × √( (ae/D) × (1 − ae/D) )
  = 2 × 0.05 × √(0.05 × 0.95)
  ≈ 0.022 மி.மீ.
```

இதில் fz பல்லுக்கான ஃபீடு, அதாவது ஒரு பல்லின் முறைக்குக் கட்டர் முன்னேறும் தூரம்; ae பக்கவாட்டு வெட்டு, D விட்டம். நாம் கொடுத்த 0.05, சீவலில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வெட்டு மெலியும்போது சீவலும் இப்படி மெலியும். பல் பொருளைத் தொட்டிருக்கும் வில் சுமார் 26 பாகை, நீளத்தில் 2.7 மி.மீ.

எந்தப் பல்லின் முனையும் கத்தி போல முடிவதில்லை. நுண்ணோக்கியில் அது ஒரு சிறு உருட்டு. உருட்டின் ஆரம் 0.010 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சீவல் மெலிந்தால் பல்லால் வெட்ட முடியாது. உலோகத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டுதான் போகும். நம் கணக்கில் அந்த எல்லையை 0.003 மி.மீ. என்று கொள்வோம். எதிரோட்டத்தில் ஒவ்வொரு பல்லும் முதல் 3.4 பாகை, அதாவது சுமார் 0.36 மி.மீ. தூரம் வெட்டாமல் தேய்க்கும். உடனோட்டத்திலும் கடைசியில் சீவல் மெலியத்தான் செய்யும். ஆனால் அங்கே பல் ஏற்கெனவே வெட்டிக்கொண்டிருக்கிறது, விசையும் இறங்கிக்கொண்டிருக்கிறது. முட்டி அழுந்தி உள்ளே புக வேண்டிய தொல்லை இல்லை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஃபினிஷ் சரியில்லை என்றதும் ஃபீடைக் குறைக்கிறார்கள். 0.05-ஐ 0.02 ஆக்கினால் சீவலின் உச்சத் தடிமன் 0.009-க்கும் கீழே போகும், முனையின் உருட்டைவிடச் சிறியது. எதிரோட்டத்தில் தேய்க்கும் பகுதி 8.6 பாகையாக, வில்லில் மூன்றில் ஒரு பங்காக வளரும். அதே நீளச் சுவரை முடிக்க இரண்டரை மடங்கு சுற்றுகளும் வேண்டும். ஆகத் தேய்ப்பு ஆறு மடங்குக்கு மேல். பல்லின் பின்பக்கத்தில் பளபளப்பான தேய்மானப் பட்டை அகலமாகும், ஓசை கீச்சிடும், சுவர் மினுங்கும். மினுக்கத்தைப் பார்த்து நல்ல ஃபினிஷ் என்று ஏமாறக் கூடாது. நகத்தால் தடவினால் இழுபட்ட கோடுகள் தெரியும். துருப்பிடிக்காத எஃகில் இன்னும் கேடு. 304 போன்ற ரகம் தேய்க்கத் தேய்க்க மேற்பரப்பில் இறுகும், அடுத்த பல் அந்த இறுகிய தோலில் இறங்க வேண்டி வரும்.

செய்ய வேண்டியது இதற்கு எதிரானது. திசையை உடனோட்டமாக்கி, மெலிவை ஈடுகட்ட ஃபீடைக் கூட்ட வேண்டும். உச்சத் தடிமன் 0.05 வேண்டுமானால் பல்லுக்கு 0.115 மி.மீ. கொடுக்கலாம். அப்போது மேசை ஃபீடு நிமிடத்துக்கு 640-இலிருந்து சுமார் 1470 மி.மீ. ஆகும். சுவரில் வரித்தடம் விழாதா என்றால், அந்தத் தடத்தின் உயரம் ஃபீடின் வர்க்கத்தை விட்டத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும். இங்கே 0.0003 மி.மீ.-க்கும் குறைவு. கட்டர் மையம் விலகிச் சுழன்று ஒரே பல் மட்டும் சுவரைத் தொட்டால்தான் அது 0.004-ஐத் தாண்டும். எனவே வரி தெரிந்தால் ஃபீடைக் குறைக்கும் முன் கட்டரைப் பிடிக்கும் கோலெட்டைத் துடைத்து, டயல் வைத்து மைய விலகலைப் பாருங்கள்.

வெளியேறும் பக்கத்துக்கும் கணக்கு உண்டு. கார்பைடு அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. எதிரோட்டத்தில் பல் தடித்த சீவலோடு சட்டென்று விடுபடும்போது முனையில் இழுவிசை பிறந்து, துண்டு உதிர இடமாகும். கூடவே, சீவல் கட்டரின் முன்னால் விழுந்து மறுபடி பல்லில் சிக்கிப் பரப்பைக் கீறும். உடனோட்டத்தில் அது பின்னால் போய் விழும். உடனோட்டத்துக்கும் ஒரு குறை இருக்கிறது. விசை கட்டரைச் சுவரிலிருந்து தள்ளிவிடும், ஒல்லியான நீளக் கட்டரில் சில நூறில் ஒரு பங்கு மி.மீ. மிச்சம் நிற்கும். அதே பாதையில் இன்னொரு முறை ஓட்டிச் சரிசெய்வார்கள்.

எதிரோட்டமே வேண்டிய இடங்களும் உண்டு. வார்ப்பின் மணற்தோலும், சுடரால் அறுத்த தகட்டின் கடினமான விளிம்பும் அப்படிப்பட்டவை. உடனோட்டத்தில் ஒவ்வொரு பல்லும் அந்தத் தோலை மேலிருந்து அறையும். எதிரோட்டத்தில் பல் உள்ளே தொடங்கித் தோலை அடியிலிருந்து பெயர்த்தெடுக்கும். முதல் ஓட்டத்துக்கு அதுவே நல்லது. மேசைத் திருகில் 0.2 மி.மீ. தளர்ச்சி உள்ள பழைய எந்திரம் இன்னொன்று. உடனோட்டத்தில் கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுக்கும். மேசை அந்த 0.2-ஐ ஒரே தாவாகத் தாவினால் 0.05-க்குப் பதில் 0.25 மி.மீ. ஒரு பல்லின் மேல் விழும், பல் முறியும். தளர்ச்சி நீக்கும் அமைப்போ பந்துத் திருகோ இல்லாத எந்திரத்தில் உடனோட்டம் வேண்டாம்.

முழு அகலத்தில் ஒரு காடி வெட்டினால் இரண்டு ஓட்டங்களையும் ஒரே ஓட்டத்தில் பார்க்கலாம். ஒரு சுவர் உடனோட்டத்தில் வந்திருக்கும், மற்றது எதிரோட்டத்தில். இரண்டின் ஃபினிஷும் வேறுபடுவதை விரலே சொல்லும். இந்தக் காடிக்கு 'ஏற்றம்', 'மேல்நோக்கு' என்ற சொற்களால் விளக்கம் எழுதச் சொன்னால், இடச்சுவர் எது, வலச்சுவர் எது என்று எழுதுகிறவரே தடுமாறுவார்.

கடைசியாக ஒரு முணுமுணுப்பு. 'சிப் தடிமன்' என்பதைச் 'சில்லுத் தடிமன்' என்று போடுகிறார்கள். சில்லு என்றால் உடைந்து தெறித்த துண்டு. அந்தச் சொல் கட்டரின் முனை உதிர்வதற்குத்தான் பொருந்தும், ஆங்கிலத்தில் அதையும் சிப்பிங் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. எந்திரம் இழைத்துத் தள்ளுவது சீவல். 'சில்லு மெலிந்தால் கருவி சில்லாகும்' என்று எழுதிவிட்டு வாசகருக்குத் தொழில்நுட்ப அறிவு போதாது என்று நொந்துகொள்வதைவிட, பணிமனையில் பேசுவது போல 'கிளைம்ப்' என்றே விட்டுவிடலாம். அதையாவது எதிர்த்திசையில் யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள்.